வைஸ் பிரசிடென்ட் பதவியும் எல்-5 என்ற எண்ணும்

“முதலீட்டு வங்கியில் 8 ஆண்டுகளாக மென்பொருள் எழுதுகிறேன், இப்போது வைஸ் பிரசிடென்ட். மென்பொருள் நிறுவனங்களில் டைரக்டர் பணிக்கு விண்ணப்பித்தால் பதிலே இல்லை. எந்த நிலைக்கு விண்ணப்பிப்பது?”

பெயர்தான் உங்களை ஏமாற்றுகிறது. முதலீட்டு வங்கிகளில் அனலிஸ்ட், அசோசியேட்டுக்கு அடுத்த படிதான் வைஸ் பிரசிடென்ட். ஒரே தளத்தில் பலர் அந்தப் பட்டத்தோடு இருப்பார்கள். மென்பொருள் நிறுவனத்து டைரக்டரோ பெரும்பாலும் மேலாளர்களை மேய்க்கும் மேலாளர். உங்களுக்குக் கீழே எத்தனை பேர், யாருடைய ஒப்புதலும் இல்லாமல் எதை முடிவு செய்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒரு குழுவின் வடிவமைப்பை நீங்களே தீர்மானிக்கிறீர்கள், ஆனால் ஆள் மேலாண்மை இல்லை என்றால், உங்கள் இடம் சீனியர் எஞ்சினியர்.

நிறுவனங்கள் பணி நிலைகளுக்குத் தரும் எண்ணிலும் கவனம் தேவை. கூகுளில் எல்-5 என்றால் சீனியர். அமேசானில் அதே எல்-5 ஒரு படி கீழே. அங்கே சீனியர் எல்-6. எண் ஒன்றுதானே என்று தலையாட்டினால் ஒரு படி இறங்கிவிடுவீர்கள்.

நேர்காணலுக்கு முன்பே ஆள்சேர்ப்பவரிடம், “இந்தப் பணி எந்த நிலை? அதற்கு மேல் எத்தனை நிலைகள்?” என்று கேளுங்கள். நிலையை முதலில் பேசுங்கள். சம்பள வரம்பு அதோடு கட்டப்பட்டது. நேர்காணலுக்குப் பிறகு நிலையை உயர்த்துவது கடினம். நானும் ஒருமுறை சம்பளத்துக்கு மட்டும் மல்லுக்கட்டி, வரம்பின் உச்சியில் போய் முட்டிக்கொண்டேன்.