படைப்பு நாளும் சான்றிதழ் தேதியும்

"அன்புள்ள ஆச்சிக்கு, என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பள்ளி அணியில் கபடி விளையாடுவான். வெளியில் பயிற்சி தரும் மாஸ்டர் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, தேசிய அளவில் வெண்கலம் என்று ஒரு சான்றிதழ் வாங்கித் தந்தார். ஜனவரியில் வட மாநிலத்தில் நடந்த போட்டி. அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் முன்னோரைக் கும்பிடும் படைப்பு என்பதால் பிள்ளையை நாங்கள் அனுப்பவில்லை, ஆனால் அணியில் பெயர் இருந்தது என்று மாஸ்டர் சொன்னார். பொறியியல் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு இதை வைக்கலாமா? சரிபார்ப்பில் என்னென்ன பார்ப்பார்கள்?" – தேவகோட்டை வாசகி

ஆத்தா, கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சரிபார்ப்பைப் பற்றி விலாவாரியாகக் கேட்டிருக்கிறாய். ஆனால் 'பிள்ளையை நாங்கள் அனுப்பவில்லை' என்பதை மட்டும், ஊறுகாய் ஜாடியை நகர்த்தி வைத்த மாதிரி, ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். என் பதில் முழுக்க அந்த வரியைப் பற்றித்தான்.

படைப்புக்கு அவன் நான்கு நாள் பள்ளிக்குப் போகவில்லை அல்லவா? பிளஸ் டூ பிள்ளை ஜனவரியில் சும்மா லீவு போட முடியாது. 'குடும்ப விழாவை முன்னிட்டு' என்று அவன் அப்பச்சி விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். வருகைப் பதிவேட்டில் அந்த நான்கு நாளும் விடுப்பு என்று ஏறியிருக்கும். உண்மையாகவே தேசியப் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு அப்படி ஏறாது. மாநிலக் கபடிச் சங்கம் அழைப்புக் கடிதம் அனுப்பும், தலைமையாசிரியர் அனுமதி கொடுப்பார், பதிவேட்டில் 'ஓ.டி.' என்று விழும். உன் மகன் அந்தத் தேதியில் எங்கே இருந்தான் என்பதற்கு அவன் அப்பச்சியின் கையெழுத்தே பள்ளியில் சாட்சியாகக் கிடக்கிறது. பள்ளிக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் போதும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கிறவர்களை மூலச் சான்றிதழ்களோடு நேரில் அழைத்துப் பார்ப்பார்கள். மருத்துவத்தில் இந்த ஒதுக்கீட்டுக்கு எம்.பி.பி.எஸ். இடம் 7தான். போட்டி இவ்வளவு கடுமையாக இருக்கிற இடத்தில் காகிதத்தின் பளபளப்பைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். சான்றிதழுக்குப் பின்னால் இருக்கிற வழியைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வழி இப்படி இருக்கும். மாவட்டத்தில் ஆடியவனை மாநிலத் தேர்வுக்கு அழைப்பார்கள். அங்கே தேறினால் தமிழ்நாட்டு அணியில் பெயர் வரும், பயிற்சி முகாம் நடக்கும், அப்புறம்தான் தேசியப் போட்டிக்கு ரயில் ஏறுவான். பதக்கம் வாங்கி வந்தபின், சான்றிதழோடு மாநிலச் சங்கத்திடம் ஒரு படிவமும் வாங்க வேண்டும். உதாரணத்துக்கு, மத்திய அரசு வேலைக்கான படிவத்தைப் பார்த்திருக்கிறாயா? தேசியப் போட்டிக்கு உரியது படிவம் 2. மாநிலச் சங்கத்தின் செயலாளர் தாமே கையெழுத்திட்டால்தான் அது செல்லும் என்று அடியிலேயே அச்சிட்டிருக்கும். அந்தப் படிவம் கேட்பது ஒன்றைத்தான்: இந்த ஆள் இந்த மாநிலத்துக்காக, இந்தத் தேதியில், இந்தப் போட்டியில் ஆடினானா?

உன் மகன் எந்த மாநிலத் தேர்வுக்குப் போனான்? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பணம் கட்டுகிற கிளப் எல்லாம் சேர்ந்து ஆடுகிற போட்டிக்கும் 'நேஷனல்' என்று பெயர் வைக்கலாம், பேனர் கட்டலாம், கோப்பை கொடுக்கலாம். அங்கே போய் நிஜமாகவே ஆடி ஜெயித்திருந்தாலும், அது தமிழ்நாட்டுக்காக ஆடியது ஆகாது. நடத்திய அமைப்பை மத்திய விளையாட்டு அமைச்சகம் தேசியச் சம்மேளனமாக அங்கீகரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமைச்சகத்தின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பன்னிரண்டாயிரத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது அது.

இதெல்லாம் தாண்டினாலும் பிள்ளையை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்பார்கள். எனக்குத் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அணித் தேர்வுகளுக்குப் போய் உட்காருகிறவர். சந்தேகம் வந்தால் அவர் சான்றிதழைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பாராம். எடை போட்டபோது எவ்வளவு காட்டியது? முதல் ஆட்டம் எந்த மாநிலத்தோடு? நீ கார்னரில் நின்றாயா, கவரில் நின்றாயா? உன்னோடு இறங்கிய மற்ற ஆறு பேர் பெயர் என்ன? ஒருமுறை ஒரு பையன் மூன்று பேரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டான். அப்புறம் வெளியில் நின்ற அவன் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான் என்றார். நான்கு நாள் தோளோடு தோள் கோத்து ஆடியவனுக்கு அந்த ஆறு பெயர் எப்படி மறக்கும்? அந்த நாற்காலியில் உன் பிள்ளையை உட்காரவைக்கப் போகிறாயா?

எனக்குக் கோபம் வருவது மாஸ்டர்மேல் மட்டுமில்லை. அந்த நான்கு நாளும் உன் பிள்ளை செத்துப்போன பெரியவர்கள் முன்னால், பங்காளிகள் கூட்டத்தில், பேழைக்குப் பக்கத்தில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக் கடமையை முன்னால் வைத்துப் பிள்ளையை நிறுத்திக்கொண்டாயே, அதுவரைக்கும் நீ செய்தது சரி. அதே நாட்களில் அவன் வேறெங்கோ இருந்தான் என்று இப்போது எழுதிக் கொடுக்கப் பார்க்கிறாய். அப்படியானால் படைப்பில் நின்றது யார்? பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நம் ஐயாமார் ஒரு அணாவுக்குக் கணக்கு உதைத்தாலும் ராத்திரி பேரேட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களைக் கும்பிட்ட தேதியிலேயே பொய்க் கணக்கு எழுத எப்படி மனசு வந்தது?

விண்ணப்பத்தில் உறுதிமொழியின் கீழ் கையெழுத்துப் போடப்போவது உன் மகன். பொய்ச் சான்று என்று தெரிந்தே அதை உண்மையானதுபோலப் பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆம் பிரிவில் குற்றம். சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தாலும் இடம் போகும். மாஸ்டர் வந்து பக்கத்தில் நிற்க மாட்டார்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் காகிதத்தை விண்ணப்பத்தில் ஏற்றாதே. ஏற்கனவே ஏற்றியிருந்தால், சரிபார்ப்பு நாளுக்குக் காத்திருக்காமல், இந்தச் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று சேர்க்கைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள். மாஸ்டரிடம் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேள். தராவிட்டால் போகட்டும், ஆனால் பிள்ளையை நாளையிலிருந்து அவரிடம் அனுப்பாதே. இதையெல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய். இதுவரை அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகவே உன் கடிதத்தில் இல்லை.

பள்ளி அணியில் ஆடுகிறவன் என்றால் குறுவட்டம், மாவட்டம் என்று அவன் வியர்வை சிந்தி வாங்கிய சான்றிதழ்கள் வீட்டில் இருக்கும். அவற்றைத் தேடி எடு. இந்த வருஷ விதிக் கையேட்டை உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டி, எது கணக்கில் வரும் என்று கேள். வந்தால் வைக்கட்டும், வராவிட்டால் மதிப்பெண்ணை வைத்துப் பொதுப் பிரிவில் போகட்டும். அந்தச் சான்றிதழ்களை லேமினேட் பண்ணிவிடாதே, முத்திரையையும் மையையும் மூலத்தில் பார்க்க வேண்டும் என்பார்கள்.