‘ஐம்பது சதவீதம் போய்விடும்’ என்றாரா சர்வேயர்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் அருகே இரவில் மாடு குறுக்கே வந்ததால் என் தம்பி காரைச் சாலையோரக் கல்லில் மோதிவிட்டான். யாருக்கும் காயமில்லை. பட்டறையில் காரைப் பார்த்துவிட்டு, சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் என்னிடம் பதினான்கு நிமிடம் போனில் பேசினார். பதிவு செய்திருக்கிறேன், கேட்டு எழுதியதையும் இணைத்துள்ளேன். பாதிப் பணம் போய்விடும், எஞ்சினுக்குப் பணம் கிடையாது என்கிறார். காரை இழுவை வண்டியில் கொண்டுவந்ததாகச் சொல்லச் சொல்கிறார் பட்டறைக்காரர். இந்த உரையாடலை எப்படிச் சுருக்கி எழுதிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவது? — வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் அனுப்பிய உரையாடலை முழுதும் படித்தேன். சர்வேயர் நீங்கள் பயப்படும் இரண்டையும் சொல்லவில்லை. அவர் பேச்சில் எது அவர் கண்ணால் பார்த்தது, எது ஊகம், எது நிபந்தனையோடு சொன்னது என்பது உங்கள் குறிப்பில் கலந்துவிட்டது. அதைப் பிரித்தாலே சுருக்கத்தில் பெரும்பகுதி முடிந்தது.

முதலில் அந்த ஐம்பது சதவீதம். உங்கள் குறிப்பில் ‘50% கழித்துவிடுவார்களாம்’ என்று மட்டும் இருக்கிறது. உரையாடலில் நான்காவது நிமிடத்தில் அவர் சொன்னது இது: “பம்பர் பிளாஸ்டிக், அதில் ஐம்பது போய்விடும்.” அந்தப் பேச்சு பம்பரைப் பற்றியது மட்டுமே. தேய்மானக் கழிவு இல்லாமல் தரும் கூடுதல் காப்பீட்டை நீங்கள் எடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் பொருளையும் வண்டியின் வயதையும் பார்த்துத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்தது. மூன்று முதல் நான்கு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு 25 சதவீதம். உங்கள் கார் மூன்றரை ஆண்டு பழையது.

பட்டறை தந்த எஸ்டிமேட்டில் உள்ள மூன்று வரிகளை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். பம்பர் 6,800 ரூபாய், அதில் 3,400 கழியும். பானட் 9,600 ரூபாய், அது தகரம் என்பதால் 2,400 கழியும். பெயின்ட் வேலை 12,000 ரூபாய். பெயின்ட்டுக்கு மொத்தமாக பில் போட்டால் அதில் கால்பங்கைத்தான் பொருள் செலவாக எடுத்துக்கொள்வார்கள், அதாவது 3,000; அதில் பாதியாக 1,500 மட்டும் கழியும். மூன்றும் சேர்ந்து 28,400-க்குக் கழிவு 7,300. 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போக வேண்டிய 1,000 ரூபாயையும் சேர்த்தால் 8,300. ‘பாதி போய்விடும்’ என்று நம்பியிருந்தால் 14,200 போவதாக நினைத்து மனம் நொந்திருப்பீர்கள். ஆகவே சுருக்கத்தில் எந்த எண்ணை எழுதினாலும் அது எந்தப் பாகத்துக்கு என்பதையும் கூடவே எழுதுங்கள்.

இனி எஞ்சின். உண்மையில் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கப்போவது இந்த இடம்தான்.

ஆறாவது நிமிடத்தில் அவர் கேட்கிறார்: “மோதியபின் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?” நீங்கள்: “பக்கத்தில்தான், மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆயில் விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டான் என்று தம்பி சொன்னான்.” அதற்கு அவர்: “ஆயில் சம்ப் உடைந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டேன். எஞ்சினைத் திறந்தால்தான் மற்றது தெரியும். ஓட்டியதால் வந்த சேதம் என்றால் கம்பெனி தராது.”

இந்த நான்கைந்து வாக்கியத்துக்குள் நான்கு விதமான தகவல்கள் இருக்கின்றன. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் உடைந்தது சர்வேயர் கண்ணால் பார்த்தது. மூன்று கிலோமீட்டரும் விளக்கு எரிந்ததும் உங்களுக்கே நேரில் தெரியாதவை. நீங்கள் காரில் இல்லை, தம்பி சொன்னதைத்தான் சொன்னீர்கள். எஞ்சினின் நிலை இன்னும் யாருக்கும் தெரியாது. கடைசி வாக்கியம் ‘என்றால்’ என்ற நிபந்தனையோடு வந்தது. இவ்வளவையும் நீங்கள் ‘எஞ்சினுக்குப் பணம் கிடையாதாம்’ என்ற ஒரே வரியாக்கிவிட்டீர்கள். அப்படியே அனுப்பியிருந்தால் எஞ்சின் மறுப்பை நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் கோப்பில் ஏறியிருக்கும்.

விபத்துக்குள்ளான வண்டியைப் பழுது பார்க்காமல் ஓட்டி, அதனால் சேதம் கூடினால், கூடிய பகுதி உரிமையாளர் பொறுப்பு என்று வாகனக் காப்பீட்டு நிபந்தனை சொல்கிறது. சம்ப் உடைந்தால் ஆயில் ஒழுகும், அழுத்தம் விழும், விளக்கு எரியும். அதற்குப் பின்னும் ஓட்டினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் தாங்கிகள் ஆயிலின்றி உராய்ந்து சூடேறி, கடைசியில் எஞ்சின் இறுகிவிடும். திறந்து பார்க்கும்போது தாங்கிகளில் கீறலும் சூட்டால் நிறம் மாறியதும் தெரிந்தால் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள். தாங்கிகள் நன்றாக இருந்தால் செலவு சம்ப், கேஸ்கெட், வேலைக்கூலியோடு நிற்கும். அவை கல்லில் மோதியதன் நேரடிச் சேதம் என்பதால் கிடைக்கும். எஞ்சின் ஆயிலுக்கான பணம் சாதாரண பாலிசியில் கிடைப்பதில்லை. பாலிசியில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; இருந்தால் கதை வேறு.

பட்டறைக்காரர் சொன்ன யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஓட்டியதாக நீங்கள் ஏற்கெனவே சொல்லியாயிற்று, தாங்கிகளும் பேசும். பொய் வாக்குமூலம் என்று கண்டால் நிறுவனம் எஞ்சினை மட்டுமல்ல, பம்பர், பானட் உட்பட எல்லாவற்றையும் மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். சில ஆயிரங்களுக்காக முழுக் கோரிக்கையையும் பணயம் வைக்கச் சொல்லும் இந்த ஆலோசனை பட்டறைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கிறது, எரிச்சலாக இருக்கிறது.

சுருக்கம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தலைப்பில் க்ளைம் எண், வண்டி எண், பேசிய நாள், நேரம், யார் யார் பேசினீர்கள் என்பவை. ஒவ்வொரு வரியின் முன்னும் பதிவின் நிமிடம். உங்கள் உரையாடலிலிருந்து நான் எடுத்த மாதிரி:

சர்வேயர் நேரில் கண்டவை
02:10 – முன்பம்பர், பானட், வலது ஹெட்லைட்: இந்த விபத்தின் சேதம் என்றார்.
03:05 – இடது பின்கதவுக் கீறல்: துரு இருப்பதால் பழையது என்றார்.
06:55 – ஆயில் சம்ப் உடைந்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். எஞ்சின் இன்னும் திறக்கப்படவில்லை.

சொல்லப்பட்டவை
06:40 – நான், தம்பி சொன்னதை வைத்து: மோதியபின் சுமார் 3 கி.மீ. ஓட்டியது, ஆயில் விளக்கு எரிந்ததும் நிறுத்தியது.
07:10 – சர்வேயர்: ஓட்டியதால் வந்த எஞ்சின் சேதம் என்றால் நிறுவனம் தராது. எஞ்சினைப் பற்றி முடிவு எதுவும் சொல்லவில்லை.
09:30 – பட்டறைப் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார், சரியாகக் கேட்கவில்லை.

கேட்ட ஆவணங்களும் வேலைகளும்
11:00 – கையெழுத்திட்ட க்ளைம் படிவம், ஆர்.சி., தம்பியின் ஓட்டுநர் உரிமம் (அசலும் நகலும்), ரத்து செய்த காசோலை.
11:50 – காவல் நிலையத்தில் எழுதியிருந்தால் அதன் நகல்.
12:30 – எஞ்சினைப் பிரித்ததும் அவரை அழைப்பது. அவர் பார்க்கும்வரை பழைய பாகங்களை வெளியே போடாமல் வைப்பது.

கேட்காத இடத்தில் ‘கேட்கவில்லை’ என்றே எழுதியிருக்கிறேன் பாருங்கள். ஒன்பதாவது நிமிட இடத்தில் நீங்கள் ‘பட்டறை எஸ்டிமேட் அதிகம் என்றார்’ என்று நிரப்பியிருந்தீர்கள், அது உங்கள் ஊகம். பதிலில் அவரே அந்த இடத்தைச் சொல்லட்டும். பின்கதவுக் கீறலையும் மறைக்காமல் எழுதுங்கள். அது பழையது என்பதில் உங்களுக்கும் சந்தேகமில்லையென்றால், எஸ்டிமேட்டிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

காவல் நிலைய நகலை உங்கள் குறிப்பில் ‘எஃப்.ஐ.ஆர். கட்டாயம்’ என்று எழுதி, அதற்காக நிலையத்துக்கு அலையத் தொடங்கியிருக்கிறீர்கள். அவர் ‘எழுதியிருந்தால்’ என்றுதான் கேட்டார். மனிதருக்குக் காயமோ அடுத்தவர் சொத்துக்குச் சேதமோ இல்லாத உங்கள் விபத்தில் அது இல்லாமலே க்ளைம் நடக்கும். ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் எந்தக் கோரிக்கையையும் மறுக்கக் கூடாது, தொடர்புடைய ஆவணங்களை மட்டுமே கேட்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் மாதச் சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. பின்னால் யாராவது புதிதாக ஆவணம் கேட்டால் இந்தப் பட்டியலைக் காட்டி, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

அனுப்பும் முன் தம்பியை உட்கார வைத்து 06:40 வரியைப் படித்துக் காட்டுங்கள். தூரமும் விளக்கு எரிந்த நேரமும் அவர் நினைவில் வேறாக இருந்தால் சுருக்கத்தில் மாற்றாதீர்கள், பேசியது பேசியதுதான். அதன் கீழே ‘ஓட்டியவர் இப்போது சொல்வது’ என்று தனி வரி சேருங்கள். க்ளைம் படிவத்தில் விபத்து விவரத்தைத் தம்பியே தன் சொல்லில் சொல்ல, அதையே எழுதுங்கள். இரண்டும் முரண்படாமல் இருப்பதைத்தான் நிறுவனத்தில் முதலில் பார்ப்பார்கள்.

மின்னஞ்சலை சர்வேயருக்கும் நிறுவனத்தின் க்ளைம் பிரிவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். சர்வேயர் சேதத்தை மதிப்பிடுபவர். தருவதும் மறுப்பதும் நிறுவனத்தின் முடிவு. சர்வேயர் அறிக்கையே கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் ‘பம்பர் கிடைக்கும்’ என்று அவர் சொன்னதையும் ஒப்புதலாக எழுதிவிடாதீர்கள். முடிவில், ‘இதில் தவறு இருந்தால் திருத்தித் தெரிவிக்கவும்’ என்ற ஒரு வரி போதும். குற்றச்சாட்டு, கெஞ்சல், சட்டப் பிரிவு எதுவும் வேண்டாம்.

ஒலிப்பதிவை இப்போது இணைக்க வேண்டாம். ஆனால் வெட்டாமல், பெயர் மாற்றாமல், பதிவு செய்த போனிலேயே வைத்து ஒரு நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வரையோ நுகர்வோர் ஆணையம் வரையோ போனால் அந்த மூலக் கோப்புதான் பேசும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படும் இடத்தில் எந்தக் கருவியில் பதிவானது என்பதையும் கேட்பார்கள்.

எஞ்சினைப் பிரிக்கும் நாளை சர்வேயரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அவர் வரும்முன் பட்டறைக்காரர் தாங்கிகளைத் துடைத்துவிடவோ, பழைய சம்பைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடவோ வேண்டாம் என்று அங்கும் ஒரு குறுஞ்செய்தி போட்டுவிடுங்கள்.