சம்பளம் குறைத்துத் துறை மாறுவது: கேள்வி பதில்

கப்பலூரில் ஆலை சூப்பர்வைசர். கைக்கு 32,000. டெஸ்டிங் வேலைக்கு 20,000 தருகிறார்கள், மூன்றாம் வருஷம் 40,000 ஆகுமாம். ரெண்டு வருஷத்தில் விட்டதைப் பிடித்துவிடலாம்தானே அக்கா?

இல்லை தம்பி. சம்பளம் தாண்டுகிற நாள் வேறு, விட்டது திரும்புகிற நாள் வேறு. நீங்கள் ஆலையிலேயே இருந்தாலும் வருஷம் 2,000 ஏறும் என்று வைப்போம். முதல் வருஷம் மாதம் 12,000 குறைவு, மொத்தம் 1,44,000. இரண்டாம் வருஷம் 28,000 தந்தால், ஆலையில் 34,000 ஆகியிருக்கும், இன்னும் 72,000. கோர்ஸ் கட்டணம் 60,000 என்றால் குழியின் ஆழம் 2,76,000. மூன்றாம் வருஷம் 40,000 வந்தாலும் மாதம் 4,000தான் மிச்சம். நாலாம் வருஷம் 50,000, ஐந்தாம் வருஷம் 58,000 என்று போனால், ஐந்தாம் வருஷத்தின் ஐந்தாம் மாதத்தில்தான் குழி நிரம்பும்.

அந்த 40,000 ஒரு வருஷம் தள்ளிப்போய், மூன்றாம் வருஷம் 32,000தான் தருகிறார்கள் என்று வையுங்கள். சம்பள உயர்வு எல்லாம் ஒரு வருஷம்தான் பின்னால் போகும், ஆனால் குழி நிரம்ப ஆறாம் வருஷக் கடைசி ஆகிவிடும். அதனால் 40,000 என்று சொன்னது யார் என்று பாருங்கள். கோர்ஸ் நடத்துகிறவர் சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே இடத்தில் இரண்டு வருஷம் முன்பு சேர்ந்தவரிடம் கேளுங்கள்.

நாலு வருஷம் ஒன்பது மாதம் ஆச்சு. ஐந்து முடியாமல் போனால் கிராஜுவிட்டி போச்சுதானே?

பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 18,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 52,000 வரும். மூன்று மாதம் பொறுங்கள்.

பொறுக்கவே வேண்டாம் அக்கா. நாலு வருஷமும் 240 நாளும் போதும், சட்டமே அப்படித்தான்.

சட்டத்தில் நேராக அப்படி எழுதவில்லை அண்ணே. 240 நாள் வேலை செய்தால் ஒரு வருஷத் தொடர் பணி என்று இருப்பதை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. நிறைய நிறுவனங்கள் முழு ஐந்து வருஷம்தான் என்று நிற்கும். கேட்டு வாங்கத் தொழிலாளர் துறைக்கு மனு போட வேண்டிவரும்.

என் மச்சினனுக்கு மனு போடாமலே கொடுத்தார்களே?

கொடுத்தது நல்லது. உங்கள் கம்பெனியும் கொடுக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வேலையை விட்டுவிட்டு மாட்டுத்தாவணிப் பக்கம் ஜெராக்ஸ் கடை போடலாமா?

அது வியாபாரக் கணக்கு, எனக்குத் தெரிந்த இடம் இல்லை. அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

28,000-ல் இருக்கிறேன், 19,000-க்குப் போகிறேன். எத்தனை மாதத்தில் திரும்பும்?

மேலே உள்ள கணக்கில் உங்கள் எண்ணைப் போடுங்கள். சி.டி.சி. வேண்டாம், பி.எஃப். போகக் கைக்கு வருவதை மட்டும்.

என் சி.டி.சி. 4.2 லட்சம், புதுசு 3...

கைக்கு எவ்வளவு வருகிறது, அதைச் சொல்லுங்கள்.