ஒரே ஆர்டருக்கு ரெண்டு தடவை பணம் போனால்

"யூபிஐல முதல்ல ஃபெயில்னு வந்துச்சு, திரும்பக் கட்டினேன். இப்போ 640 ரூபாய் ரெண்டு தடவை போயிருக்கு. ஆர்டர் ஒண்ணுதான்."

வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க. ரெண்டு வரிக்கும் வேற வேற UTR, அதாவது 12 இலக்கப் பரிவர்த்தனை எண், இருந்தா, ரெண்டு தடவை போனது உறுதி.

முதல் பணம் கடைக்குச் சேராம இருந்தா, ரிசர்வ் வங்கி விதிப்படி, கட்டின நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள்ள தானாவே திரும்பணும். தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தரணும். அப்படித் திரும்பலைன்னா யூபிஐ செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் போடுங்க. "கடைக்குப் போய்ச் சேர்ந்தாச்சு"ன்னு பதில் வந்தா, திருப்பித் தர வேண்டியது கடைதான். ஆர்டர் எண், ரெண்டு UTR, ஸ்டேட்மென்ட் எல்லாம் வச்சு மின்னஞ்சல்ல கேளுங்க, எழுத்துல இருக்கட்டும். தயவுசெஞ்சு ஆர்டரை மட்டும் ரத்து பண்ணிடாதீங்க. பொருளும் போயிடும், கூடுதல் பணமும் அப்படியே நிக்கும்.