ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எக்செல்: தொகை ஏன் டேலி ஆவதில்லை?

கேள்வி: பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏஐ-யிடம் கொடுத்து எக்செல் அட்டவணையாக மாற்றிக்கொள்கிறேன். பார்க்க அச்சு அசலாக இருக்கிறது, கூட்டினால் டேலி ஆவதில்லை. ஒவ்வொரு வரியாகப் பார்க்காமல் தப்பைப் பிடிக்க வழி உண்டா? சார்ட் படங்களுக்கும் இதே கதைதானா?

பதில்: நெட்பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட்டை எக்செல் கோப்பாகவே இறக்க முடிந்தால் படமே வேண்டாம். பிடிஎஃப்-இல் எழுத்தைத் தேர்வு செய்து காப்பி எடுக்க முடிந்தால் அதை ஒட்டிக் கொடுங்கள். இரண்டும் முடியாதபோதுதான் படம்.

படத்தை வாங்கும் மாடல் முதலில் அதைத் தன் அளவுக்குச் சுருக்கும், அப்புறம் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டும். பல மாடல்களில் ஒரு சதுரம் 14 அல்லது 16 பிக்சல்தான். நீளமான ஸ்கிரீன்ஷாட் பாதியாகச் சுருங்கினால், 20 பிக்சல் உயரமிருந்த இலக்கம் 10 பிக்சலாகிவிடும். ஒரே சதுரத்துக்குள் இரண்டு இலக்கங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். 6-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம், தசமப் புள்ளி எல்லாம் கரைந்துபோகும். அந்த இடத்தில் மாடல் பெரும்பாலும் நிறுத்திக் கேட்காது. பொருத்தமாகத் தோன்றும் இலக்கத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். தப்பும் அச்சு அசலாகத் தெரிவது இதனால்தான்.

ஸ்டேட்மென்ட்டில் இதைவிடப் பெரிய தொல்லை காலிக் கட்டம். பற்று, வரவு இரண்டில் ஒன்று ஒவ்வொரு வரியிலும் காலியாக இருக்கும். மாடல் இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே போகும்போது அந்த வெற்றிடத்தைத் தாண்டிவிட்டால், வரவுத் தொகை பற்றில் போய் உட்காரும்.

நல்லவேளையாக, ஸ்டேட்மென்ட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது: மீதி. C-யில் பற்று, D-யில் வரவு, E-யில் மீதி, 2-ஆம் வரியில் ஆரம்ப மீதி என்று வைத்துக்கொண்டு, F3-இல் இதை எழுதிக் கீழே வரை இழுங்கள். புதிய பரிவர்த்தனை மேலே இருக்கும் ஸ்டேட்மென்ட் என்றால் முதலில் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

சரியான வரியில் 0 வரும். வராத இடத்தில் வரும் எண்ணே பெரும்பாலும் தப்பு என்ன என்று சொல்லிவிடும். ஆரம்ப மீதி 48,350. 1,250 எடுத்ததும் 47,100. 12,600 வரவானதும் 59,700. 816 எடுத்ததும் 58,884 என்று ஒரு ஸ்டேட்மென்ட். 12,600-ஐ மாடல் பற்றில் போட்டிருந்தால் அந்த வரியில் -25,200 காட்டும், அதாவது தொகையின் சரியான இருமடங்கு. அந்த வரியையே விட்டிருந்தால் அடுத்த வரியில் -12,600 நிற்கும். 816-ஐ 876 என்று படித்திருந்தால் -60: பத்தாம் இடத்து இலக்கம் மாறியிருக்கிறது. 861 என்று இடம் மாற்றியிருந்தால் -45. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்பது பழைய கணக்கர்களுக்குத் தெரிந்த வித்தைதான். மீதியையே தப்பாகப் படித்திருந்தால் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே எண் கூட்டலாகவும் கழித்தலாகவும் வரும். 59,700-ஐ 59,100 என்று எடுத்தால் 600, -600.

இந்தச் சோதனையை மாடலிடமே விடாதீர்கள். அதுவும் ஊகத்திலேயே "டேலி ஆகிறது" என்று சொல்லக்கூடும். இன்னொரு ஓட்டை: படத்தில் தெரியாத மீதியை மாடலே கணக்குப் போட்டு நிரப்பியிருந்தால் எல்லா வரியிலும் 0 வரும். அதனால் கடைசி மீதியை மட்டும் ஸ்டேட்மென்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுவிடுங்கள்.

படம் கொடுக்கும்போது 15, 20 வரிகளாக வெட்டி, தலைப்பு வரியை ஒவ்வொரு துண்டிலும் சேர்த்துக் கொடுங்கள் (கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள்). காலிக் கட்டத்தில் 0 போடு, தெளிவில்லாத இலக்கத்துக்குக் கேள்விக்குறி போடு, எதையும் கூட்டிக் கழிக்காதே என்று எழுதுங்கள். தப்பு குறையும், ஆனால் முழுக்கப் போகாது.

சார்ட் இன்னும் மோசம். பட்டையின் மேல் எண் எழுதியிருந்தால் மாடல் அதைப் படிக்கிறது. எழுதாவிட்டால் உயரத்தைப் பார்த்து மதிப்பிடுகிறது. வந்த எண்கள் எல்லாம் 0-விலோ 5-இலோ முடிந்தால் மதிப்பீடு என்று சந்தேகப்படலாம். அச்சு பூஜ்யத்தில் தொடங்காத சார்ட்டில் உயரத்தைத் தப்பாக மதிப்பிடக்கூடும். இடமும் வலமும் இரண்டு அளவுகோல் உள்ள சார்ட்டில் எந்தக் கோடு எந்த அளவுகோலுக்கு என்பதையே மாற்றிவிடக்கூடும். அங்கே ஏறுமுகமா இறங்குமுகமா என்று கேட்கலாம். கணக்கில் ஏற்றும் எண்ணுக்கு, சார்ட் வரைந்தவரிடம் மூல அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.