கடை கைமாறும்போது ஸ்டாக்குக்கு என்ன விலை?

கேள்வி: தாராபுரம் பக்கம் 19 வருடமாக ஹார்டுவேர், பெயிண்ட் கடை நடத்துகிறேன். இனி முடியவில்லை. கடையை ஓடுகிற நிலையிலேயே, பெயரோடு, தெரிந்த ஒருவருக்குக் கொடுக்கிறேன். குட்வில்லும் கடை அட்வான்ஸும் பேசி முடிந்துவிட்டது. ஸ்டாக்கில்தான் இழுபறி. கம்ப்யூட்டரில் உள்ள இருப்பை வைத்து, கடைசியாக வாங்கிய பில் விலையில், வரியும் சேர்த்து நான் போட்ட கணக்கு 17,70,000 ரூபாய். அவர் மொத்தத்தில் 30% கழித்துக்கொண்டு 12,39,000 தருகிறேன் என்கிறார். எப்படி எண்ணுவது, எப்படி விலை போடுவது?

பதில்: அவர் கேட்கும் 30 சதவீதத்துக்கும் கணக்கு கிடையாது, உங்கள் 17,70,000-க்கும் கிடையாது. ஓடுகிற சரக்கும் ஓடாத சரக்கும், வரியும் அடக்கவிலையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலில் எந்தச் சரக்குக்கு எந்த விதியில் விலை என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எண்ணுவது அதற்கு அப்புறம். எண்ணி முடித்துவிட்டு விலை பேச உட்கார்ந்தால், ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள 5,31,000 ரூபாய் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அதுதான். நீங்கள் சாதாரண முறையில் ஜிஎஸ்டி கட்டுபவர், சரக்கெல்லாம் 18% என்று வைத்துக்கொள்கிறேன். 118 ரூபாய்க்கு வாங்கிய சரக்கில் 18 ரூபாயை நீங்கள் ஏற்கெனவே உள்ளீட்டு வரியாக எடுத்துக் கழித்துவிட்டீர்கள். உங்களுக்கு அடக்கம் 100 மட்டுமே.

வாங்குபவர் பக்கமும் பாருங்கள். தொழிலை ஓடுகிற நிலையில் முழுதாகக் கைமாற்றினால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் அவருக்கு உங்களிடமிருந்து வரி பில்லும் வராது, இந்தச் சரக்குக்கு உள்ளீட்டு வரியும் கிடைக்காது. அந்தப் பொருளை 125-க்கும் அதன் மேல் 22.50 வரிக்கும் விற்றால், 22.50 முழுவதையும் அவர் கையிலிருந்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்களிடம் 100-க்கு வாங்கியிருந்தால் அவருக்கு 25 நிற்கும். ஏஜென்சியில் 118-க்கு வாங்கி 18-ஐக் கழித்துக்கொண்டிருந்தாலும் அதே 25 தான். உங்களிடம் 118 கொடுத்திருந்தால் நிற்பது 7. ஆக, வரி இல்லாத விலையே இருவருக்கும் நியாயம். 17,70,000-இல் 2,70,000 போய் 15,00,000 நிற்கிறது. இது நீங்கள் விட்டுக்கொடுக்கும் பணம் அல்ல, முன்பே வாங்கிக்கொண்ட பணம். (நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கதை வேறு. வரியை நீங்கள் எடுத்திருக்க முடியாது, உங்கள் அடக்கமே 118.)

உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் பயன்படுத்தாத உள்ளீட்டு வரி மீதி இருந்தால் அது தனிப் பணம். ITC-02 படிவத்தில், ஆடிட்டர் சான்றிதழோடு, அவர் பெயருக்கு மாற்றலாம். அதற்குத் தொழிலின் பொறுப்புகளும் அவருக்கு மாறுகின்றன என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அவர் தன் லாகினில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதால், அவருடைய ஜிஎஸ்டி எண் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். அந்த மீதிக்கு ஈடாக என்ன தருகிறார் என்பதை ஸ்டாக் விலையோடு கலக்காமல் பேசுங்கள்.

அடுத்தது, பில் விலை உண்மையான அடக்கமா என்பது. பெயிண்டில் பெரும்பாலும் இல்லை. வருடக் கடைசியில் டர்னோவர் டிஸ்கவுண்ட் என்று கிரெடிட் நோட் வரும், அதை யாரும் டப்பாவில் எழுதி வைப்பதில்லை. உங்களிடம் 4 லட்சம் ரூபாய் பெயிண்ட் இருந்து, சராசரியாக 4% அப்படித் திரும்பி வந்திருந்தால் 16,000 கழியும். மறுபக்கம், நீங்கள் கொடுத்த லாரி வாடகையைச் சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒயரும் பிவிசி பைப்பும் விலை ஏறி இறங்கும் சரக்கு. அவற்றுக்குப் பழைய பில்லைத் தேடாமல், எண்ணும் வாரத்தில் ஏஜென்சி கொடுக்கும் நிகர விலையை வைத்துவிடுங்கள், ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும். அவர் அந்தச் சரக்கை இன்று வேறு எங்கு வாங்கினாலும் அந்த விலைதானே கொடுக்கப் போகிறார்.

இனி மெதுவாக ஓடும் சரக்கு. கழிவு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பொருளும் கடைசியாக விற்ற தேதியை எடுங்கள். 6 மாதத்துக்குள் விற்றது ஓடும் சரக்கு, முழு விலை. 6 மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை மெதுவான சரக்கு. அதைத் தாண்டியது தூங்கும் சரக்கு. நான் பார்த்த கடைகளில் நடுப் பிரிவுக்கு 70% என்பதை இரண்டு தரப்பும் பெரிய முணுமுணுப்பு இல்லாமல் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது சட்டமல்ல, பேரம்தான்.

தேதியோடு பொருளையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பெயிண்ட் டப்பாவில் தயாரித்த மாதமும் எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் அச்சாகியிருக்கும். மூடியைச் சுற்றித் துருவோ, குலுக்கினால் அடியில் கட்டியோ இருந்தால் தனியே வையுங்கள். கலர் கலந்து வாடிக்கையாளர் வாங்காமல் விட்ட டப்பா, புதிதே ஆனாலும், தூங்கும் சரக்குதான். சிமெண்ட் மூட்டையில் பேக்கிங் வாரம் இருக்கும். 3 மாதம் தாண்டியதை ஓடும் சரக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், நாளாக ஆக அதன் பலம் குறையும். சிஎஃப்எல் பல்பு அட்டைப்பெட்டிகள் இன்னும் மேல் தட்டில் இருக்குமே? அவற்றுக்கு விலை கேட்டால் உங்கள் மீதமுள்ள கணக்கின் மீதும் அவருக்குச் சந்தேகம் வரும்.

உங்கள் 15,00,000-ஐ இப்படிப் பிரித்துப் பார்ப்போம். கிரெடிட் நோட் 16,000 போய் 14,84,000. இதில் ஓடும் சரக்கு 11,20,000, மெதுவானது 2,44,000, தூங்குவது 1,20,000 என்று வைத்துக்கொண்டால், முதலாவதற்கு முழுசாக 11,20,000. இரண்டாவதற்கு 70% என்றால் 1,70,800. மூன்றாவதை கால் விலைக்கு, 30,000-க்குக் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் நீங்களே எடுத்துக்கொண்டு போய் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். மொத்தம் 13,20,800. அவர் சொன்னதைவிட 81,800 அதிகம், ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் சொல்ல முடிகிற தொகை.

இதெல்லாம் கம்ப்யூட்டர் இருப்பு சரியாக இருந்தால்தான். பெரும்பாலும் இருக்காது. மைனஸில் நிற்கும் பொருட்கள் உங்கள் பட்டியலிலும் இருக்கும், அவசரத்தில் ஒரு அளவு பைப் எல்போவை இன்னொரு அளவின் பெயரில் பில் போட்டிருப்பீர்கள். அதனால் கையால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

சாவி கொடுப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு எண்ணுங்கள். சனிக்கிழமை இரவு கடைசி விற்பனை பில் எண்ணையும், கடைசியாக இறங்கிய கொள்முதல் பில் எண்ணையும் தாளின் தலைப்பில் எழுதுங்கள். அதற்கு அப்புறம் இறங்கும் சரக்கு கணக்கில் சேராது. ஜோடி ஜோடியாக ஆள் போடுங்கள். உங்கள் ஆள் எண்ணிச் சொல்ல, அவர் ஆள் கார்பன் வைத்து எழுத வேண்டும். அந்தத் தாளில் விலைக்குக் கட்டமே வேண்டாம், பொருள், அளவு, எண்ணிக்கை மட்டும் போதும். விலைக் கட்டம் இருந்தால் முதல் ராக்கிலேயே பேச்சு விலைக்குப் போய்விடும். எண்ணிய ராக்கில் ஒரு ஸ்டிக்கர், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கையெழுத்து. மாலையில் அவர் தேர்ந்தெடுக்கும் 20 பொருட்களை மறுபடி எண்ணுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் தப்பினால் அந்த ராக் முழுவதும் மறுபடி.

ஆணி, ஸ்குரூ போன்றவற்றை எண்ண முடியாது. ஆணியை எடை போடுங்கள். ஸ்குரூவில் 100 எண்ணி எடை போட்டு, மொத்த எடையை அந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். வெட்டி விற்ற ஒயர் காயிலுக்கும் இதே வழிதான். அதே ரக முழு காயில் 90 மீட்டர் என்றால் அதன் எடையோடு ஒப்பிட்டால் மீதி மீட்டர் தெரிந்துவிடும், அளந்துகொண்டு உட்கார வேண்டாம். பைப் துண்டுகளில் 5 அடிக்குக் கீழே உள்ளதை எண்ணாமல் விட்டுவிடலாம்.

எண்ணக் கூடாதவையும் உண்டு. வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்து எடுக்காமல் வைத்திருக்கும் சரக்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கியது, டிஸ்ப்ளே ஸ்டாண்டுகள். கலர் கலக்கும் மெஷின் உங்களுடையதா, டெபாசிட்டில் கொடுத்ததா என்று பேப்பரைப் பாருங்கள். ஈரோடு பக்கம் ஒரு கடையில் இதைப் பார்க்காமல் விலை போட்டு, மறுமாதம் கம்பெனி ஆள் வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்.

ஒப்பந்தத்தில் ஸ்டாக்குக்கு ஒரு தொகையை அடித்து எழுதாமல், எண்ணி வருகிற தொகை, ஆனால் கடையில் சரக்கு 12 லட்சத்துக்குக் குறையாமல் 14 லட்சத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். மேல் வரம்பு அவருக்குப் பாதுகாப்பு. கடைசி மாதத்தில் யாராவது மலிவுச் சரக்கைக் கொண்டு வந்து நிரப்பிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு இருக்கும். கடைசி 3 மாதக் கொள்முதல் பதிவேட்டை நீங்களே முன்வந்து காட்டிவிடுங்கள், பேரம் சுலபமாகும். கீழ் வரம்பும் அவருக்குப் பாதுகாப்புதான். ஓடும் சரக்கைக் காலி செய்துவிட்டு வெறும் ராக்கைக் கொடுத்தால் அது ஓடுகிற கடை ஆகாது. விலையில் ஒத்துப்போகாத பொருளுக்கு இருவருக்கும் பொதுவான ஏஜென்சிக்காரர் சொல்வதே முடிவு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஏஜென்சிகளுக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கியை அவர் நேராகக் கட்டி ஸ்டாக் விலையில் கழித்துக்கொள்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பணத்தைச் சில மாதம் பிடித்து வைக்கக் கேட்டாலும் கோபப்படாதீர்கள், கைமாறும் நாள் வரையிலான உங்கள் ஜிஎஸ்டி பாக்கிக்கு சட்டப்படி அவரும் பொறுப்பாகிறார்.

கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். போன மார்ச் கணக்கில் காட்டிய இறுதி இருப்பு எவ்வளவு? சின்னக் கடைகளில் அந்தத் தொகையை எண்ணாமல் லாப விகிதத்திலிருந்து பின்னோக்கிப் போட்டிருப்பார்கள். அங்கே 9 லட்சம் காட்டிவிட்டு இப்போது 13 லட்சத்துக்கு ஸ்டாக் விற்றால், நடுவில் வந்த கொள்முதலைக் கொண்டு அந்த வித்தியாசத்தை விளக்க முடிகிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். அதே நேரம், பொருள்வாரியாக விலை போடாமல் மொத்தமாக ஒரே தொகைக்கு விற்றால் வருமான வரிக் கணக்கே வேறு மாதிரி என்பதால், ஸ்டாக் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைப்பதா வேண்டாமா என்பதையும் ஆடிட்டரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.