தம்பியிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள்?

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் செய்யச் சென்னைக்குக் கூட்டிப் போகிறோம். ஆஸ்பத்திரி 5 லட்சம் இந்திய ரூபாய் என்று மதிப்பீடு தந்திருக்கிறது. ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றரை ரூபாய் கணக்கில் பதினேழரை லட்சம் சேர்த்துவிட்டோம். விலை ஏறுமுன் முழுவதையும் கட்டிவிடட்டுமா? மேலே ஏதும் வந்தால் கனடாவில் இருக்கும் தம்பி பார்த்துக்கொள்வான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. - யாழ்ப்பாண வாசகி

பதில்: கட்டாதீர்கள், தங்கச்சி. சென்னையில் திரும்ப அஞ்சியோகிராம் பார்த்து, ஸ்டென்ட் போதும் என்றோ, சீனி இறங்கட்டும் என்றோ சொல்லக்கூடும். அப்போது கட்டிய பணம் திரும்பி வர வாரக்கணக்காகும், போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் மாற்றுவிலையில் நட்டப்படுவீர்கள். முதலில் பரிசோதனைக்கு மட்டும் கட்டுங்கள். ஒப்பரேஷன் நாள் குறித்த பிறகு, அட்மிஷனுக்கு எவ்வளவு முன்பணம் என்று எழுத்தில் கேட்டு, ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

ஆனால் என் கண் நின்றது உங்கள் கடைசி வரியில். அவனிடம் சொல்லவே இல்லை, ஆனால் உங்கள் கணக்கில் அவன்தான் கையிருப்பு. இது கணக்கா?

2022 மார்ச்சில் 200 ரூபாய் சொச்சத்துக்கு விற்ற டொலர் அந்த மாதக் கடைசியில் 300ஐ நெருங்கியதை மறந்துவிட்டீர்களா? இனி மாற்ற வேண்டிய தொகைக்குப் பத்து வீதமாவது கூட்டி வைக்க வேண்டும். பதினேழரை லட்சத்துக்கு அது ஒன்றே முக்கால் லட்சம். ஐசியூவில் இரண்டு நாள் கூடினால் வரும் பில்லும், டிஸ்சார்ஜுக்குப் பின் விமானம் ஏறும்வரை அறை வாடகையும் வேறு.

தம்பி 2 லட்சம் இந்திய ரூபாயை கனடாவிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக் கணக்குக்கு அனுப்பினால், அந்தப் பங்குக்கு நம் ரூபாய் விழுவதும் எழுவதும் ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் மாற்ற வேண்டியது 3 லட்சம்தான், பத்து லட்சத்து ஐம்பதாயிரம். பத்து வீதமும் ஒரு லட்சத்து ஐயாயிரமாகக் குறையும். மிச்சம் ஏழு லட்சம் கையில் நிற்கும், மேலதிக பில்லுக்கு அதுவே காவல்.

கடைசி நேரம் என்றால் என்ன என்று நான் பார்த்திருக்கிறேன். என் மாமாவுக்காக மச்சான் டொரண்டோவில் வெள்ளி மாலை பணம் போட்டான், சென்னையில் அப்போது சனி அதிகாலை. வந்தது செவ்வாய். இடையில் ஒரு வங்கி கட்டணம் பிடித்ததில் கொஞ்சம் குறைவாகவும் வந்தது. அதுவரை மாமி பில் கவுண்டருக்கு முன்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதனால் அனுப்பும்போது கட்டணம் முழுதும் அனுப்புபவருக்கே என்று வங்கியில் சொல்லச் சொல்லுங்கள். நோயாளியின் பதிவு இலக்கமும் எழுத வேண்டும்.

அவனுக்குச் சுமை கொடுக்கக் கூடாது என்று மறைத்தீர்களோ தெரியாது. அவனும் அவரின் பிள்ளை. தொகையும் திகதியும் முன்னமே தெரிந்தால்தான் அவன் ஒழுங்கு பண்ண முடியும். ஐசியூ வாசலில் நின்று எடுக்கும் போனில் அவன் என்ன செய்வான்? இன்று இரவு எட்டு மணிக்கு எடுங்கள், அங்கே காலை. மதிப்பீட்டுக் கடிதத்தைப் படம் எடுத்து முதலில் அனுப்பிவிடுங்கள்.